சட்டையை மாற்றச் சொன்னால் முடி ஏன் மாறுகிறது?

கேள்வி: பெர்மாஸ் ஜெயா பாலம் பின்னால் தெரியும்படி மகளை ஒரு படம் எடுத்தேன். டி-சட்டைக்குப் பதிலாக பாத்திக் சட்டை போட்டுத் தரும்படி ஒரு ஏஐ செயலியிடம் கேட்டேன். சட்டை அருமையாக வந்தது. ஆனால் தோளில் புரண்ட சுருட்டை முடி நேராகிவிட்டது. பாலம் இருந்த இடத்தில் ஏதோ மண்டபம் நிற்கிறது. நான் கேட்டது அதற்குப் புரியவில்லையா?

பதில்: புரிந்தது. ஆனால் அது உங்கள் படத்தைத் திருத்தவே இல்லை. அதைப் பார்த்துப் புதிதாக இன்னொரு படத்தை வரைந்து தந்திருக்கிறது.

இவ்வகைச் செயலிகளில் பல, ‘டிஃபியூஷன்’ முறையில் இயங்குகின்றன. உங்கள் படத்தின் மேல் ஒழுங்கற்ற புள்ளிகளைத் தூவிக் கலங்கடித்து, பிறகு அந்தக் கலங்கலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு படியிலும் ‘பாத்திக் சட்டை அணிந்த பெண்’ என்ற சொற்கள் வழிகாட்டும். அந்தச் சொற்கள் சட்டை இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதில்லை, படம் முழுவதையும் இழுக்கின்றன. மலேசியாவில் வியாழக்கிழமைகளில் அரசு ஊழியர்கள் பாத்திக் அணிவது வழக்கம், விருந்துகளிலும் அதுதான். அப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பழகிய கருவிக்கு, பாத்திக் என்றால் வாரிய தலையும் மண்டபமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். டி-சட்டையும் ஆற்றங்கரையும் சேர்ந்து வருவதைப்போல.

கேள்வி: அப்படியானால் கலங்கலைக் குறைத்தால் போதாதா?

பதில்: சில செயலிகளில் Strength என்றொரு அளவு இருக்கும், அது இதற்குத்தான். மொத்தம் 50 படிகள் என்று வைத்துக்கொள்வோம். 0.8 என்று வைத்தால் 40 படிகள் புதிதாக வரையப்படும். சட்டையோடு முடியும் பாலமும் மாறும். 0.3 என்றால் 15 படிகள்தான். பாலம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் டி-சட்டையும் பிழைத்துக்கொள்ளும்! அதன் மேல் கொஞ்சம் பூ வேலை படரும், காலர் வராது. ஏனென்றால் பெரிய உருவங்கள் முதல் படிகளிலேயே முடிவாகிவிடும்; கடைசிப் படிகள் நுணுக்கங்களுக்கானவை. காலரும் பொத்தானும் உருவாகும் கட்டத்தில்தான் பாலத்தின் தூண்களும் உருவாகின்றன. ஒன்றை அசைத்து மற்றதை அசைக்காமல் விட இந்த ஒரே திருகால் முடியாது.

கேள்வி: “முகம், முடி, பின்னணி எதையும் தொடாதே” என்று எழுதியும் பார்த்தேன்.

பதில்: ஓரளவு உதவும். 2022இல் பெர்க்லி ஆய்வாளர்கள் உருவாக்கிய InstructPix2Pix, இப்படி எழுத்தில் சொல்லும் கட்டளைக்கேற்பப் படத்தை மாற்றப் பழக்கப்பட்டது. பழக்குவதற்கு ‘முன்-பின்’ படச் சோடிகள் 450,000க்கும் மேல் தேவைப்பட்டன. அத்தனை சோடிகளை யார் கையால் செய்வது? கணினியைக் கொண்டே செய்தார்கள். விவரிப்பைச் சற்றே மாற்றி வரைந்த அந்தச் சோடிகளை வடிகட்டி எடுத்தாலும், சிலவற்றில் தேவையில்லாத இடங்களும் சற்று மாறியிருக்கும். கருவி அதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. பின்னர் வந்தவை வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் உங்கள் எழுத்து அவற்றுக்கு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

கேள்வி: பூட்டு என்று ஒன்று உண்டா?

பதில்: உண்டு. சட்டைப் பகுதியை மட்டும் விரலால் தீட்டிக் காட்டும் ‘மாஸ்க்’ முறை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டேபிள் டிஃபியூஷனின் முந்தைய பதிப்புகள் போன்றவை வரையுமுன் படத்தைச் சுருக்கிக்கொள்கின்றன: 8-க்கு-8 பிக்சல் கட்டத்தின் 192 எண்கள் வெறும் 4 எண்களாகின்றன. திரும்ப விரிக்கும்போது சிறிய எழுத்துகள் குலைந்துபோகும். பின்னால் ஒரு பெயர்ப்பலகை இருந்தால், யாரும் தொடாமலே அதன் எழுத்து கோணலாகும். எனவே மாஸ்க்குக்கு வெளியே இருப்பதைக் கடைசியில் அசல் படத்திலிருந்தே எடுத்து ஒட்ட வேண்டும். நல்ல செயலிகள் அப்படிச் செய்கின்றன.

செய்ததா என்று நீங்களே பார்க்கலாம். இரண்டு படங்களையும் ஒரே அளவில் அடுக்கி, மேல் அடுக்கை Difference முறையில் வையுங்கள். மாறாத இடம் கறுப்பாகத் தெரியும். சட்டை மட்டும் ஒளிர்ந்தால் சரி. முடியின் ஓரமும் பாலமும் மினுங்கினால் செயலி முழுப் படத்தையும் மறுபடி வரைந்திருக்கிறது.

உங்கள் மகளின் படத்தில் மிச்சமிருக்கும் சிக்கல், தோளில் விழும் அந்த முடிதான். அதை மாஸ்க்குக்கு வெளியே விட்டால் இழைகளுக்கு நடுவே பழைய டி-சட்டையின் நிறம் எட்டிப்பார்க்கும். உள்ளே சேர்த்தால் அந்தச் சுருள்களைக் கருவி தன் போக்கில் வரையும். முடியைப் பின்னால் ஒதுக்கி இன்னொரு படம் எடுத்துவிடுவதுதான் சுலபம்.