ஒரு பூஜ்யம் குறைந்த கணக்கு

பத்திரிகைகளில் வரும் திருத்தங்களில் பெரும்பாலானவை பெயர், ஊர், தேதி சம்பந்தப்பட்டவை. அமைச்சரின் இனிஷியல் மாறிப்போனால் மறுநாள் இரண்டு வரியில் சரிசெய்துவிடலாம். அதற்குள் அதை நம்பி யாரும் எதுவும் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் 'இதைச் சாப்பிடுங்கள்', 'அதைத் தூக்கிப் போடுங்கள்' என்று சொன்ன கட்டுரையில் தகவல் பிழை இருந்தால் நிலைமை வேறு. திருத்தம் அச்சாவதற்குள் சிலர் அதைச் செய்து முடித்திருப்பார்கள். அப்போது திருத்தக் குறிப்பு பிழையைச் சரிசெய்வதோடு நின்றுவிட முடியாது. ஆலோசனை என்ன ஆயிற்று என்றும் சொல்லவேண்டும். இந்த இரண்டாவது வேலை எவ்வளவு எளிதாகத் தவறிப்போகும் என்பதற்கு, கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி பற்றி 2024-இல் வந்த ஓர் ஆய்வும் அதற்கு வந்த திருத்தமும் நல்ல எடுத்துக்காட்டு.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் 'கீமோஸ்பியர்' என்ற ஆய்விதழில் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை வெளியானது. வீட்டில் புழங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பொருள்களில், தீப்பிடிப்பதைத் தடுக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றனவா என்று அவர்கள் தேடினார்கள். கரண்டியில் அப்படிப்பட்ட பொருளுக்கு வேலையே இல்லை. பழைய டிவி, கம்ப்யூட்டர் போன்றவற்றின் மேலுறையில்தான் அதைச் சேர்ப்பார்கள். அந்த உறைகளில் பல கறுப்பு நிறம். மறுசுழற்சி ஆலைகளில் பிளாஸ்டிக்கை வகைபிரிக்கும் இயந்திரங்கள் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து இனம் காண்கின்றன. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால் இயந்திரம் ஏமாந்துபோகிறது. இப்படிக் கழித்துப்போட்ட மின்னணுச் சாதனத்தின் பிளாஸ்டிக், தெரிந்தோ தெரியாமலோ, கரண்டியாகவும் பொம்மையாகவும் உணவுத் தட்டாகவும் மறுபிறவி எடுக்கிறது.

203 பொருள்களை வாங்கி, முதலில் அவற்றில் புரோமின் இருக்கிறதா என்று பார்த்தார்கள். புரோமின் அதிகமாகத் தெரிந்த 20 பொருள்களை மட்டும் விரிவான சோதனைக்கு எடுத்துக்கொண்டதில், 17-இல் இந்த வேதிப்பொருள்கள் இருந்தன. 85 சதவீதம் என்று செய்திகளில் வந்த எண் இந்த 20-க்கானது, 203-க்கு அல்ல. சந்தேகப்பட்டுப் பொறுக்கியெடுத்த பொருள்களில் 85 சதவீதம் என்பதும் கடையில் விற்கும் பொருள்களில் 85 சதவீதம் என்பதும் ஒன்றாகாது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. ஆனால் இது ஆய்வின் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது.

கண்டறிந்தவற்றில் முக்கியமானது டெக்கா-பிடிஇ. இதன் பயன்பாட்டுக்கு அமெரிக்கா 2021-இல் தடை கொண்டுவந்தது. இது கறுப்புக் கரண்டியிலிருந்து சமையல் வழியாக உடலுக்குள் எவ்வளவு போகும் என்பதற்கு, கரண்டியிலிருந்து சூடான எண்ணெய்க்குள் எவ்வளவு இறங்குகிறது என்று முன்பு ஒரு குழு அளந்திருந்ததை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார்கள்: ஒரு நாளைக்கு 34,700 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் பெரிதா சிறிதா என்று யாராலும் சொல்லமுடியாது. அதனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்திருக்கும் பாதுகாப்பு அளவோடு அதை ஒப்பிட்டார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7,000 நானோகிராம் என்பது அந்த அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதை அறுபதால் பெருக்கவேண்டும்.

பெருக்கியதில் 42,000 என்று எழுதிவிட்டார்கள். ஏழாறு நாற்பத்திரண்டு, ஏழாயிரத்தின் மூன்று பூஜ்யமும் அறுபதின் ஒரு பூஜ்யமுமாக நான்கு பூஜ்யங்கள் பின்னால் வரவேண்டும். சரியான விடை 4,20,000. ஒரு பூஜ்யம் விடுபட்டதால் 34,700 என்பது வரம்பில் எண்பது சதவீதத்துக்கும் மேலாகத் தெரிந்தது. உண்மையில் அது எட்டு சதவீதம் சொச்சம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. 'வரம்பை நெருங்குகிறது' என்ற வாக்கியம் முழுக்க அந்த ஒரு பூஜ்யத்தின் மேல் நின்றது. அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில் 'கறுப்புக் கரண்டியைத் தூக்கி எறியுங்கள்' என்ற ஆலோசனை வந்தது. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஜோ ஷ்வார்ட்ஸ் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, விடை பத்து மடங்கு தவறு என்று எழுதினார். கால்குலேட்டர்கூட வேண்டாத கணக்கு அது. ஆனாலும் நிபுணர் மதிப்பீட்டையும் ஆய்விதழின் கண்ணையும் தாண்டி வந்துவிட்டது. எண் பெரிதாக இருந்து, அலகும் பழக்கமில்லாததாக இருந்தால், படிக்கிறவர்கள் விடையைச் சரிபார்க்காமல் வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

2024 டிசம்பரில் ஆய்வாளர்களின் திருத்தம் வெளியானது. 42,000 என்பது 4,20,000 ஆனது. 'நெருங்குகிறது' என்ற சொல் போய், வரம்பைவிடப் பத்து மடங்கு அளவில் குறைவு என்ற பொருள் வந்தது. கூடவே, இந்தக் கணக்குப் பிழை கட்டுரையின் ஒட்டுமொத்த முடிவைப் பாதிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

அவர்கள் நோக்கில் அது தவறில்லை. இருக்கக்கூடாத வேதிப்பொருள் மறுசுழற்சி வழியாகச் சமையலறைக்குள் வந்துவிடுகிறது என்பதே கட்டுரையின் மைய வாதம். சோதனைக் கூடத்தில் கண்டது கண்டதுதான். பெருக்கல் பிழையால் அது மறையாது. ஆனால் நான்ஸ்டிக் தோசைக்கல்லுக்கென்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி வாங்கி வைத்திருக்கிறவருக்கு மறுசுழற்சிக் கொள்கை பற்றிய கவலை இரண்டாம்பட்சம். அது தன் உடம்புக்குள் எவ்வளவு போகிறது, அது ஆபத்தா என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கான விடைதான் பத்து மடங்கு மாறியது. ஆய்வின் முடிவு மாறவில்லை என்பதும் வாசகருக்குச் சொன்ன ஆலோசனையின் அவசரம் மாறிவிட்டது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லி நிறுத்தினால் சாதாரண வாசகர், 'அப்படியானால் தூக்கி எறிந்தது சரிதான்' என்றே எடுத்துக்கொள்வார்.

எதிர்ப்பக்கமாகவும் சறுக்கலாம். பிழை என்று கேள்விப்பட்டதும் ஆய்வே பொய் என்று முடிவுகட்டுவது அது. பாதுகாப்பு வரம்பு எப்படி வந்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் கிடைக்கும். எலிகளுக்குப் பாதிப்பு தெரியாத அளவை எடுத்துக்கொண்டு, மனிதர் வேறு, குழந்தைகள் வேறு, தெரியாதவை பல என்று எச்சரிக்கைக்காக அதை முந்நூறால் வகுத்துத்தான் 7,000 என்று வைத்திருக்கிறார்கள். அதிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால், இன்றைக்கே கரண்டியைக் குப்பையில் போடும் அவசரம் இல்லை. அதே சமயம் டெக்கா-பிடிஇ உடலுக்குள் வருகிற வழி கரண்டி மட்டுமல்ல. வீட்டுத் தூசி வழியாகவும் அது வருகிறது. விளிம்பு உருகிய, சுரண்டுப்பட்ட கறுப்புக் கரண்டியை மாற்றிவிடுவதும், அடுப்பில் இருக்கும் சட்டியிலேயே கரண்டியைப் போட்டுவைக்காமல் இருப்பதும் நியாயமான எச்சரிக்கை. மரக்கரண்டியோ எவர்சில்வரோ கையில் இருக்கிறவருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரு பத்திரிகையின் திருத்தக் குறிப்பு சொல்லிவிட முடியுமா என்றால், முடியும். சமையல் பக்கத்தில் அந்த ஆலோசனையை வெளியிட்ட ஒரு மாத இதழ் எழுதவேண்டிய குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"திருத்தம்: கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியால் சமைப்பவர் உடலில் நாள்தோறும் சேரும் டெக்கா-பிடிஇ, பாதுகாப்பு வரம்பை நெருங்குகிறது என்று சென்ற இதழ் சமையல் பக்கத்தில் எழுதியிருந்தோம். அது தவறு. மூல ஆய்வில் இருந்த பெருக்கல் பிழையை நாங்களும் கவனிக்கவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கான வரம்பு 42,000 நானோகிராம் அல்ல, 4,20,000. ஆய்வு மதிப்பிட்ட அளவு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே, கரண்டியை உடனே தூக்கி எறியும்படி சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம். உருகியதையும் சுரண்டுப்பட்டதையும் மாற்றினால் போதும். இத்தகைய கரண்டிகள் சிலவற்றில் இந்த வேதிப்பொருள் இருப்பதாகச் சொன்ன தகவல் மாறவில்லை."

இதில் பழைய தவறான வாக்கியம் அப்படியே திரும்ப வருகிறது. தவறை மறுபடி அச்சிடலாமா என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் எதைத் திருத்துகிறோம் என்று சொல்லாமல் 'சென்ற இதழில் ஒரு எண் தவறாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம்' என்று போட்டால், பழைய இதழை எடைக்குப் போட்டுவிட்டவருக்கு அது எந்த எண் என்றே தெரியாது. வருத்தம் தெரிவிப்பது மரியாதை. ஆனால் கரண்டியை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. எது மாறவில்லை என்பதையும் எழுதுவதற்குக் காரணம், அது இல்லாவிட்டால் கட்டுரை முழுவதுமே தவறு என்ற வதந்தி கிளம்பிவிடும்.

குறிப்பை எவ்வளவு வேகமாக வெளியிடவேண்டும் என்பதைப் பிழையால் விளையக்கூடிய தீங்குதான் முடிவுசெய்கிறது. கரண்டி விஷயத்தில் நஷ்டம் ஒரு கரண்டியும் கொஞ்சம் கவலையும். அடுத்த இதழ்வரை காத்திருக்கலாம். 2008-இல் பிரிட்டனில் நடந்தது அப்படியல்ல. பிரபல சமையற்கலைஞர் ஆண்டனி வொரல் தாம்சன், தானாக முளைக்கும் கீரைகளைப் பற்றி ஓர் இதழுக்குப் பேட்டி கொடுத்தபோது, நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரையைச் சொல்வதாக நினைத்து, ஆங்கிலத்தில் பெயர் ஒத்த இன்னொரு செடியைச் சாலட்டில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் செடி சித்த மருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்று விற்கும் விதையைத் தரும் செடி, கடும் விஷம். உண்டால் மனக்குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. இதழ் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கவில்லை. அந்தச் செடி நச்சு, ஒருபோதும் உண்ணக்கூடாது என்று சந்தாதாரர்களுக்கும் இணையதளத்திலும் அவசர எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய குறிப்பில் காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முதல் வரியிலேயே 'சாப்பிடாதீர்கள்' என்று வரவேண்டும். பெயர் எப்படி மாறியது என்பது பிறகு.

எங்கே வெளியிடுவது என்பதிலும் இதே கணக்கு உண்டு. சமையல் பக்கத்தில் நான்கு பத்தி விரிந்த ஆலோசனைக்கு, ஆசிரியர் கடிதங்களுக்கு அடியில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் சமையல் பக்கம் மட்டும் படிப்பவர் அதைப் பார்க்கவேமாட்டார். அதனால் சில நாளிதழ்கள் திருத்தங்களுக்கென நிலையான இடமும் அதற்குப் பொறுப்பான ஒருவரும் வைத்துக்கொண்டன. லண்டனின் 'தி கார்டியன்' 1997-இல் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தியது; சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' 2006-இல் அதே வழியைப் பின்பற்றியது. பிழையைச் சுட்டும் வாசகரின் கடிதம், பிழை செய்த பகுதியின் பொறுப்பாளரைத் தாண்டி வேறொருவர் மேசைக்குப் போவதுதான் இதன் பயன்.

இணையப் பதிப்பில் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால், முன்பு படித்தவர் திரும்ப வந்து பார்க்கும்போது தன் நினைவைத்தான் சந்தேகிப்பார். கட்டுரையின் உச்சியில், எந்தத் தேதியில் எது மாறியது என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதிய மற்ற இதழ்களுக்கும் தகவல் போகவேண்டும். 42,000 என்ற எண்ணைச் சொந்தமாகச் சரிபார்த்து எழுதியவர்கள் அவர்களில் அநேகமாக யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.