படியில் நிற்கும் வீரனின் இடுப்பு

வீடியோ கேமில் வீரன் படிக்கட்டில் நிற்கும்போது கால்களைப் பாருங்கள். சில விளையாட்டுகளில் ஒரு கால் மேல்படியில் இருக்கும், மற்றது அந்தரத்தில் தொங்கும். நிற்கும் அசைவைச் சமதரையில் உருவாக்கியதால் வரும் கோளாறு இது.

கணக்குப் போட்டால் புரியும். தொடை 45 செ.மீ., முழங்காலுக்குக் கீழே 45. ஆக, முழுதாக நீட்டினாலும் கால் 90 செ.மீ.தான். மேல்படியிலிருந்து இடுப்பு 88 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கீழ்ப்படி 20 செ.மீ. தாழ்வு என்றால் வலது கால் 108 செ.மீ. நீள வேண்டும். எட்டவே எட்டாது.

அதனால் நிரல் ஒவ்வொரு பாதத்துக்கும் நேர்கீழே ஒரு கற்பனைக் கோடு விட்டுத் தரையைத் தேடுகிறது. இடது பாதத்துக்கு 0, வலதுக்கு -20 என்று விடை வரும். இரண்டில் தாழ்ந்ததை எடுத்து இடுப்பை முதலில் 20 செ.மீ. இறக்க வேண்டும். சராசரி எடுத்து 10 மட்டும் இறக்கினால் வலது பாதம் இன்னும் 8 செ.மீ. மிதக்கும், பலர் சறுக்குவது இங்கேதான். இறக்கிய பிறகு வலது காலுக்கு 88 போதும். இடது பாதத்தை மேல்படியிலேயே பிடித்துவைத்தால் அந்தக் காலுக்கு 68தான் மிஞ்சும். முழங்கால் தானாக மடங்கும், நாம் படியில் நிற்பதுபோலவே.

இறக்கத்தைச் சில பிரேம்களில் பரப்பாவிட்டால் உடம்பு வெடுக்கென்று குதிக்கும். உச்சவரம்பும் வேண்டும். இல்லையென்றால் மாடி விளிம்பில் ஒரு பாதம் வெளியே போனதும், வீரன் குந்தி உட்கார்ந்துவிடுவான்!