வேலைக்காகப் பாடத்தைக் குறைக்கும் முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பை கிரெடிட்டில்தான் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு என்பது பொதுவான கணக்கு. ஆக, 15 கிரெடிட்டுக்கு வாரம் 45 மணி நேரம் போய்விடும். கூடவே 30 மணி நேர வேலையும் பார்த்தால் 75. யாருக்கும் தாங்காது. அந்த நிலையில்தான் மாணவர்கள் அட்வைசர் எனப்படும் படிப்பு ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள்.

"வேலை அதிகம், பாடத்தைக் குறைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பதிலாக நான்கு கேள்விகள்தான் வரும். கணக்கியல் மாணவி ஒருவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஜனவரி முதல் வாரம் 30 மணி நேரம் வேலைக்குப் போகிறேன். அடுத்த செமஸ்டரில் 15 கிரெடிட்டுக்குப் பதில் 9 எடுக்க நினைக்கிறேன். வரி, தணிக்கை, புள்ளியியல் மூன்றையும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கோடையில் முடிக்க எண்ணம். இதனால் பட்டம் தள்ளிப்போகுமா? அடுத்த வாரம் நேரில் பேச முடியுமா?"

எந்தப் பாடத்தை விடுவது என்பதுதான் இதில் முக்கியம். ஒரு பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், அதை முடித்தால்தான் அடுத்த பாடத்தில் சேர முடியும் என்றால், அதை விட்டவருக்கு ஒரு வருடமே போகும். ஆலோசகர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பண விஷயம் வேறு அலுவலகத்தின் பொறுப்பு. 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும். 9 கிரெடிட் எடுப்பவருக்கு பெல் உதவித்தொகையில் 75 சதவீதம்தான் கிடைக்கும். 6-க்கும் கீழே இறங்கினால் அரசுக் கல்விக்கடன் நின்றுவிடும். பழைய கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான ஆறு மாத அவகாசமும் ஓடத் தொடங்கும். அதனால் நிதி உதவி அலுவலகத்திலும் கேட்டுவிட வேண்டும், அதுவும் செமஸ்டர் தொடங்கும் முன்பே. நடுவில் விட்டால் கட்டணம் முழுதாகத் திரும்பாது, மதிப்பெண் பட்டியலிலும் அந்தப் பாடத்துக்கு நேரே 'W' என்று பதிவாகும்.

இதெல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து F-1 விசாவில் போனவரின் நிலைமையே வேறு. இளநிலை மாணவர் பொதுவாக 12 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். உடல்நிலை, தொடக்கத்தில் மொழியால் வரும் திணறல், பட்டத்தின் கடைசி செமஸ்டர் போன்ற சில காரணங்களுக்குத்தான் குறைக்க அனுமதி உண்டு. வேலை அந்தப் பட்டியலில் இல்லை. வளாகத்துக்குள் பார்க்கும் வேலைக்கே, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு.

படிப்பு ஆலோசகருக்கு விசா விதி முழுதும் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. அவர் நல்லெண்ணத்தோடு "சரி" சொல்லிவிட்டாலும், அந்தச் சம்மதம் விசாவைக் காப்பாற்றாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அதிகாரி முன்கூட்டியே அனுமதி தராமல் பாடத்தை விட்டால், மாணவர் தகுதியே பறிபோகலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை F-1 விசாவில் இருந்தால், எந்தப் பாடத்தையும் விடும் முன் அந்த அதிகாரியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.