பாபுவுக்கு ஒரு குறுஞ்செய்தி

தான்சானியாவின் டாங்கா நகரில் ஒரு மாணவி. நாளை விடிகாலை பேருந்தில் டார் எஸ் சலாமுக்குப் படிக்கக் கிளம்புகிறாள். தாத்தா இருப்பது தெற்கே பங்கானியில். நேரில் போய்ச் சொல்ல நேரமில்லை. கைபேசியில் ஸ்வாஹிலியில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"ஷிகமோ பாபு. கேஷோ ஸா கூமி ந ம்பிலி அஸுபுஹி நஸாஃபிரி க்வெண்டா டார் எஸ் சலாம், முங்கு அகிபெண்டா. நவோம்பா பராகா ஸாகோ, உனியோம்பெயெ துஆ."

"தாத்தா, வணங்குகிறேன். கடவுள் சித்தமானால் நாளைக் காலை ஆறு மணிக்கு டார் எஸ் சலாம் புறப்படுகிறேன். உங்கள் ஆசியை வேண்டுகிறேன், எனக்காகப் பிரார்த்தியுங்கள்."

'ஷிகமோ' பெரியவர்களுக்கு மட்டுமே உரிய வணக்கம். 'உங்கள் கால்களைப் பிடிக்கிறேன்' என்ற தொடரின் சுருக்கம் அது என்பார்கள். இன்று யாரும் குனிந்து காலைத் தொடுவதில்லை, சொல் மட்டும் நிற்கிறது. இதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தால், பின்னால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் தாத்தாவுக்கு முதலில் உறுத்துவது அந்த வெற்றிடம்தான்.

'கூமி ந ம்பிலி' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு மணி என்று எழுதிவிட்டு ஆறு மணிக்கா கிளம்புவாள்? ஆம். ஸ்வாஹிலிக்காரர்களுக்குப் பகல் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நம் பழைய நாழிகைக் கணக்கும் சூரிய உதயத்தில்தான் தொடங்கியது. இது தெரியாத வெளியூர்க்காரர் நண்பகலில் நிலையத்துக்கு வந்து நிற்பார், பேருந்து போய் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. 'நவோம்பா', 'உனியோம்பெயெ' இரண்டும் 'ஓம்பா' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. ஒருவரிடம் கேட்பதும் இறைவனிடம் வேண்டுவதும் அந்த ஒரு சொல்தான். தமிழில் 'வேண்டு' செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. பேத்தி தாத்தாவிடம் வேண்டுகிறாள். தாத்தா அவளுக்காக இறைவனிடம் வேண்ட வேண்டும். நடுவில் ஓர் எழுத்து சேர்ந்ததும் 'வேண்டு' என்பது 'இன்னாருக்காக வேண்டு' என்றாகிவிடுகிறது. 'நவோம்பா' இருக்கவேண்டிய இடத்தில் 'நதாகா' என்று எழுதினால் 'எனக்கு ஆசி வேணும்' என்று அதட்டுவது போலாகும். இஸ்லாமியக் குடும்பம் என்பதால் 'துஆ' வந்தது. மோஷி பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் அந்தச் சொல் இல்லாமல் 'உனியோம்பெயெ' என்பதோடு நிறுத்தியிருப்பாள்.

தாத்தாவின் பதில் 'மரஹபா' என்றுதான் தொடங்கும். ஷிகமோவுக்கு அதுவே மறுமொழி. வணக்கத்தை ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். "மரஹபா, ம்ஜுகூ வாங்கு. முங்கு அகுதங்குலியெ." ம்ஜுகூ என்றால் பேரப்பிள்ளை. மற்றது, 'கடவுள் உனக்கு முன்னே செல்லட்டும்' என்ற வாழ்த்து. வழியில் பேருந்து எங்கே நிற்குமோ, பக்கத்தில் யார் உட்காருவார்களோ, அங்கெல்லாம் அவள் போய்ச் சேருவதற்கு முன்பே ஒருவர் போயிருக்க வேண்டும் என்று அந்தக் கிழவர் கேட்கிறார்.

மதியம் அவளிடமிருந்து ஒரே சொல் வரும்: "நிமெஃபிகா." வந்து சேர்ந்துவிட்டேன்.