"ஒரு ரூபாய் வட்டி" உண்மையில் எவ்வளவு?



வட்டி எவ்வளவு குறைவானாலும் ஹராம்தான். ஆயினும் பைக், ஆட்டோ வாங்கத் தவணைக் கடனில் சிக்கிக்கொள்வோர் நம்மிலும் உண்டு. "நூற்றுக்கு ஒரு ரூபாய்தான்" என்று சொல்லப்படுவதன் உண்மைக் கணக்கைப் பார்ப்போம்.

60,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் மாத வட்டி 600 ரூபாய். மாத அசல் 2,500 சேர்த்துத் தவணை 3,100. மொத்த வட்டி 14,400. இது ஃபிளாட் வட்டி.

ஒரு வருடத்தில் பாதி அசல் அடைந்துவிடுகிறது. ஆனால் 13-ஆம் மாதமும் முழு 60,000-க்கே வட்டி வாங்குகிறார்கள். குறையும் இருப்பு முறையில் மீதமுள்ள அசலுக்கு மட்டுமே வட்டி. அதே 12 சதவீதத்தில் தவணை சுமார் 2,824 ரூபாய், மொத்த வட்டி சுமார் 7,790 ரூபாய்தான்.

ஃபிளாட் வட்டியின் உண்மை விகிதத்தைத் தோராயமாக அறிய, வருட வட்டியைத் தவணை எண்ணிக்கையின் இரு மடங்கால் பெருக்கி, எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்கவும்:

12 × 48 ÷ 25 ≈ 23

இவ்வழி சற்றுக் கூடுதலாகக் காட்டும்; துல்லியமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 21.5 சதவீதம். கட்டணம் ஏதும் பிடித்துக்கொண்டு கடன் தந்தால் இன்னும் ஏறும்.

வங்கியும் நிதி நிறுவனமும் கட்டணங்களையும் சேர்த்த வருட விகிதத்தை, ஏபிஆர் என்று, முக்கிய விவர அறிக்கையில் எழுதித் தர வேண்டும். சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. கையெழுத்துக்கு முன் அத்தாளுடன் நம் அலுவலகம் வாருங்கள். வட்டியில்லா வழி உண்டா என்று சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்