எத்தனை நாள், எங்கே, எதற்காக?

2018 மே மாதத் தொடக்கத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே ஓர் இளைஞர் கடுமையான காய்ச்சலோடும் இருமலோடும் காத்திருந்தார். பேராம்பரா பக்கத்துக்காரர். அவருக்கு வந்திருப்பது நிபா என்று அன்று யாருக்கும் தெரியாது. அதே நடைபாதையில் வேறு வேறு நோய்க்காக வந்தவர்களும், அவர்களுக்குத் துணையாக வந்த உறவினர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பிறகு அதே நோய் வந்தது. மே 5 அன்று அந்த இளைஞர் இறந்தார். அடுத்து அவருடைய சகோதரரும் நோயில் விழுந்த பிறகுதான், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான், ஆய்வகம் நிபாவை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு கேரள சுகாதாரத் துறை செய்த வேலைகளைப் பார்த்தாலே, நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று ஏற்பாடுகளும் தனித்தனியாகத் தெரியவரும்.

முதலாவது, நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது. இதுதான் ஐசோலேஷன். நிபா நோயாளிகளுக்குத் தனி வார்டு, தனிச் செவிலியர், முழு பாதுகாப்பு உடை. நோய் தீர்ந்தது என்று பரிசோதனை சொல்லும்வரை இது நீடிக்கும். இரண்டாவது தொடர்பு தடமறிதல். நோயாளி யாரோடு பேசினார், எந்த வார்டில் படுத்திருந்தார், பக்கத்துப் படுக்கையில் யார், உடலைக் குளிப்பாட்டியவர் யார் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பட்டியல் எடுப்பது. அந்தப் பரவலின் பட்டியலில் 2,600 பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது குவாரண்டைன். பட்டியலில் உள்ளவர் இன்று நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் கிருமி உடலுக்குள் போயிருக்கக்கூடும். அது நோயாக வெளிப்பட எடுக்கும் மிக நீண்ட காலம்வரை அவரை ஒதுங்கி இருக்கச் சொல்வது.

நாள் கணக்கில்தான் அதிகக் குளறுபடி நடக்கிறது. நிபாவுக்கு 21 நாள் என்று வைத்தார்கள். அந்த 21 நாளை நோட்டீஸ் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. நோயாளியைக் கடைசியாக நெருங்கிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். மே 5 அன்று அந்த இளைஞரின் உடலைத் தொட்ட உறவினருக்கு மே 26-ல் காலம் முடிகிறது. மே 20-ல்தான் அதிகாரி வீட்டுக்கு வந்தார் என்றால், மிச்சம் ஆறே நாள். அன்றைக்குப் புதிதாக 21 நாள் எழுதிக் கொடுத்தால், காரணமே இல்லாமல் ஒருவருடைய பதினைந்து நாள் கூலி போகிறது.

எப்போதிலிருந்து தேடுவது என்பதும் நோய்க்கு நோய் மாறும். நிபா நோயாளி பெரும்பாலும் நோய் முற்றிய நிலையில்தான் பிறருக்குப் பரப்புகிறார். கொரோனாவிலோ அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவியது. ஆகவே அங்கே தேடலும் அந்த இரண்டு நாளைச் சேர்த்துப் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. அறிகுறி இல்லாதபோதும் பரவும் நோய் என்றால், நலமாக இருப்பவரிடமும் அதிகம் கேட்க நியாயம் உண்டு. அறிகுறிக்கு முன் பரவாத நோய் என்றால், கண்காணிப்பும் தினசரி காய்ச்சல் பரிசோதனையுமே போதும்.

ஒருவரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு என் அளவுகோலும் இதுதான். நோய் எப்படிப் பரவுகிறதோ அந்த வழியை அடைப்பதற்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அதற்கு மேலே போகும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பூட்டும் உரிமை மீறல்.

அளவுகோல் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 1989-ல் கோவா சாட்சி. ரத்த தானம் செய்துவந்த டொமினிக் டிசோசா என்ற இளைஞருக்கு எச்.ஐ.வி. இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. போலீஸ் அவரை அழைத்துப்போய், பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 64 நாள் அடைத்து வைத்தது. எச்.ஐ.வி. பக்கத்தில் உட்கார்வதால் பரவாது, கை குலுக்குவதால் பரவாது. அந்தப் பூட்டு எந்த ஒருவரையும் காப்பாற்றவில்லை. ஆனால் அப்போதைய கோவா பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. அவருடைய தாயார் லூசி நீதிமன்றம் போனார். பம்பாய் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நாட்டில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் தனிச் சட்டம் 2017-ல்தான் வந்தது. டொமினிக் 1992-லேயே இறந்துவிட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நோயாளியையும், சந்தேகத்துக்குரியவரையும், நலமாக இருப்பவரையும் ஒரே இடத்தில் அடைப்பது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை அப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். சுமார் 3,700 பேரில் 700-க்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்று வந்தது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊழியர்களோ ஒரே அறையில் பலராகத் தூங்கி எழுந்து, அதே பயணிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருவரைத் தனித்திருக்கச் சொல்லும் அரசு, அவருக்குத் தொற்றில்லாத இடத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018 நிபா பரவலில் ஆய்வகம் உறுதி செய்த 18 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். அப்படிப்பட்ட நோயில் "என் விருப்பம், நான் வெளியே போவேன்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மிரட்டலால் தொடர்புப் பட்டியல் நிறையாது. அப்போது பேராம்பரா மருத்துவமனைச் செவிலியர்களைப் பஸ்ஸில், ஆட்டோவில் ஏற்றத் தயங்கினார்கள். உண்மையைச் சொன்னால் ஊர் ஒதுக்கும் என்று பயப்படுகிறவர், தான் யார் வீட்டுக்குப் போனார் என்பதை மறைப்பார். அவர் மறைத்த ஒரு பெயர் போதும், நோய் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ரகசியம் காப்பது நோயாளிக்குக் காட்டும் சலுகை இல்லை. தடமறிதல் வேலை செய்வதே அதனால்தான்.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டிலும் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சில இடங்களில் தகரம் அடித்தார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர, நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 தீர்ப்பும் நமக்கு இருக்கிறது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால், சட்டம் இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும், நடவடிக்கை தேவையின் அளவைத் தாண்டக் கூடாது. இவ்வளவு இருந்தும் 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தில், அடைத்து வைக்கப்பட்டவருக்குச் சாப்பாடு யார் தருவது, இழந்த கூலியை யார் தருவது, மேல்முறையீடு எங்கே என்பதைத் தெளிவாகச் சொல்லும் விதி கிடையாது. அந்தச் சட்டத்தை மாற்றாமல் அடுத்த தொற்றைச் சந்திக்கப் போவது பெரிய தவறு.

உங்கள் வீட்டுக்குச் சுகாதார ஆய்வாளர் வந்தால் கதவைத் திறங்கள். யாரையெல்லாம் சந்தித்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். குவாரண்டைன் என்றால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த நோய்க்காக, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதிக் கேளுங்கள். முடிந்த பிறகு அதற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் அதுதான் உதவும். நோய் பற்றிய சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம். உங்கள் பெயரையோ படத்தையோ யாராவது வாட்ஸ்அப்பில் பரப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு புகார் கொடுங்கள். காரணம் சொல்லாமல் அடைத்து வைத்தாலோ, நாள் முடிந்தும் விடவில்லை என்றாலோ 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தகுதியுள்ளவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். சென்னையானாலும் மதுரையானாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட உங்களுக்கு உரிமை உண்டு.