அண்ணன் அனுப்பிய பணத்துக்கு வரி இல்லை. அக்கா மகன் அனுப்பியதற்கு உண்டு

வீடு வாங்கும்போது உறவினர்கள் கைகொடுப்பது நம் குடும்பங்களில் வழக்கம்தான். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வரவாகி, ஓராண்டு கழித்து வருமான வரித் துறை “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும்போதுதான் பலரும் திகைத்துப் போகிறார்கள். “சொந்தக்காரர் கொடுத்தால் வரி கிடையாது என்றார்களே?” என்பது அவர்களின் கேள்வி. வரி கிடையாது என்பது பெருமளவு சரிதான். ஆனால் கொடுத்தவர் யார், அவரால் அவ்வளவு கொடுக்க முடியுமா, உண்மையிலேயே கொடுத்தாரா என்பதைக் காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

தென்காசிப் பக்கம் பிறந்து மதுரையில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை, 2024-25 நிதியாண்டில் 58 லட்சம் ரூபாய்க்கு ஒரு அடுக்ககக் குடியிருப்பு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் 30 லட்சம், சொந்தச் சேமிப்பு 4 லட்சம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் 15 லட்சம் அனுப்புகிறார். ஊரில் விவசாயம் பார்க்கும் அப்பா 6 லட்சம் தருகிறார். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் அக்கா மகன், “சித்தி, இதை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்” என்று 3 லட்சம் போடுகிறார்.

துறைக்கு எப்படித் தெரிகிறது?

கணக்குக்குக் கணக்கு அனுப்பும் ஒவ்வொரு பெரிய தொகையையும் வங்கி உடனே வரித் துறைக்குச் சொல்லிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தினால் வங்கி தெரிவிக்கும். 10 லட்சமோ அதற்கு மேலோ புதிதாக வைப்புநிதி போட்டாலும் தெரிவிக்கும். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்து பதிவானால் சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்கும். ஆகவே பணம் வந்ததைவிட, வந்த பணத்தை வைத்து என்ன செய்தோம் என்பதுதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுகிறது.

ஆசிரியையின் விஷயத்திலும் வீடு வாங்கியதுதான் பதிவாகியது. சொத்தின் விலை 50 லட்சத்தைத் தொட்டதால், விற்றவருக்குக் கொடுத்த தொகையில் ஒரு சதவீத வரியை அவரே பிடித்துச் செலுத்தியிருக்கிறார். அதிலும் அவருடைய பான் எண் இருக்கிறது. இவையெல்லாம் வருமான வரி இணையதளத்தில் அவர் பெயரிலுள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்து சேரும். ஒரு பக்கம் 58 லட்சத்துக்குச் சொத்து, மறுபக்கம் ஆண்டுக்கு 7 லட்சம் சம்பளம் என்று காட்டிய கணக்கு. கேள்வி எழ இந்த இடைவெளி போதும். சில சமயம் வெறும் குறுஞ்செய்தியாக வரும். சில சமயம் 142(1) பிரிவின் கீழ் அறிவிப்பாகவே வந்து, வங்கி அறிக்கையையும் ஒவ்வொரு பெரிய வரவுக்கான விளக்கத்தையும் கேட்கும்.

சட்டம் சொல்லும் ‘உறவினர்’ யார்?

ஓராண்டில் பிறரிடமிருந்து இலவசமாகப் பெற்ற பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் ‘பிற வருமானம்’ ஆகிவிடும். உறவினர் கொடுத்தால் இந்த விதி பொருந்தாது, வரம்பும் கிடையாது. ஆனால் அந்த உறவினர் யார் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலே பெற்றோர், தாத்தா, பாட்டி, கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கணவன் அல்லது மனைவியின் நேர்வழியினரும் இதில் அடக்கம். இவர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கைத் துணையும் உறவினரே.

இந்தப் பட்டியலை எப்போதும் பணம் வாங்குபவரின் இடத்தில் நின்று படிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சித்தி தன் அக்கா மகனுக்குப் பணம் கொடுத்தால் வரி இல்லை; வாங்கும் மகனுக்கு அவர் அம்மாவின் உடன்பிறந்தவர். அதே மகன் சித்திக்குக் கொடுத்தால் நிலைமை வேறு. உடன்பிறந்தவரின் பிள்ளை பட்டியலில் இல்லை. எனவே ஆசிரியைக்கு வந்த 3 லட்சமும் முழுக்க அவருடைய வருமானம். சம்பளத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பணத்துக்கும் இதே கதிதான்.

அதே 3 லட்சத்தை மகன் தன் அம்மாவுக்குப் போட்டு, மறுநாளே அம்மா தங்கைக்கு அனுப்பினால் தப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு கணக்கு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே தொகை ஒரு நாள் இடைவெளியில் கடந்து போனது தெரிந்துவிடும். பிறகு அண்ணன் கொடுத்த உண்மையான பணத்தின் மீதும் சந்தேகம் விழும். அக்காவோ அத்தானோ தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வேறு. அதற்கு வரி இல்லை.

மொய்ப் பணத்துக்கும் ஒரு வார்த்தை. திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, கொடுத்தவர் யாரானாலும், வரி இல்லை. இந்த விலக்கு மணமக்களுக்குத்தான். அவர்களைப் பெற்றவர்களுக்கு அல்ல. காதணி விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் இது பொருந்தாது. மணமக்கள் கணக்கில் மொய்ப் பணத்தைச் செலுத்துகிறவர்கள் மொய் நோட்டையும் பத்திரிகையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று கேள்விகள், மூன்று வகை ஆதாரங்கள்

அதிகாரி பார்ப்பது மூன்றே விஷயங்கள்: கொடுத்தவர் யார், கொடுக்கும் அளவுக்கு அவரிடம் இருந்ததா, கொடுத்தது உண்மையா.

அண்ணனின் 15 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். உறவைக் காட்டுவது எளிது: இருவரின் பான் அட்டையிலும் தகப்பனார் பெயர் இருக்கும். திருமணத்துக்குப் பிறகு தங்கை இனிஷியலை மாற்றியிருந்தாலும் அந்த ஒற்றுமை போதுமானது. பிறப்புச் சான்றிதழோ பழைய குடும்ப அட்டையோ கூடுதல் பலம். வசதியைக் காட்ட, சிங்கப்பூர் வரித் துறையின் வரி மதிப்பீட்டு அறிவிப்பும் சம்பளச் சீட்டும். பணம் வந்த வழியைக் காட்ட, வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்று. அதில் நோக்கக் குறியீடு இருக்கும். சொந்த அன்பளிப்புக்கு P1302, குடும்பச் செலவுக்கு P1301. தவறான குறியீட்டோடு வந்திருந்தால் அப்போதே வங்கியில் சொல்லித் திருத்திக்கொள்வது நல்லது. வளைகுடா நாடுகளிலிருந்து வந்தால் வரிச் சான்று இருக்காது. வேலை ஒப்பந்தமும் சம்பளம் வரவான கணக்கு அறிக்கையும் அந்த இடத்தை நிரப்பும். உண்டியல் வழியாக வந்த பணத்துக்கு மட்டும் எந்தத் தாளும் துணை நிற்காது.

சிக்கல் அப்பாவின் 6 லட்சத்தில்தான். தேங்காய் விற்ற பணம். பல வருடம் ரொக்கமாக வீட்டில் வைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியில் கட்டினார், புதன்கிழமை மகளுக்கு அனுப்பினார். அதற்கு முன் அவர் கணக்கில் சில ஆயிரங்கள்தான். அப்பா நேர்வழி உறவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் நாள் கட்டிய ரொக்கம் மறுநாள் வெளியேறுவதைப் பார்த்தால், மகளின் பணமே அப்பா வழியாகச் சுற்றி வந்ததோ என்று அதிகாரிக்குத் தோன்றும். வங்கி வழியாக வந்தது என்பதால் மட்டும் அன்பளிப்பு உண்மையாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் சொல்லியிருக்கிறது.

இந்த 6 லட்சத்தைக் காப்பாற்றக் கூடியவை கிராம நிர்வாக அலுவலகத்துத் தாள்கள். எவ்வளவு நிலம் என்பதற்குச் சிட்டா, என்ன பயிர் என்பதற்கு அடங்கல், தேங்காய் வியாபாரி எழுதிக் கொடுத்த சீட்டுகள். இத்தனை ஏக்கர் தென்னைக்குச் செலவு போக இவ்வளவு மிஞ்சும் என்று கணக்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் அது விளக்கமில்லாத வரவு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 60 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். 6 லட்சத்தில் 4,68,000 ரூபாய் போய்விடும். 2026 ஏப்ரல் 1 முதல் பெறும் பணத்துக்கு 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் பொருந்தும் என்பதால், அதன் விகிதத்தைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.

அப்பா அந்தப் பணத்தை மகள் கையில் நேராகக் கொடுத்திருந்தால் இன்னும் சிக்கல். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பெற்றவரிடமிருந்து வாங்கினாலும் இதற்கு விலக்கில்லை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம்.

கொடுத்த அன்றே எழுதும் தாள்

பண அன்பளிப்புக்குப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு பக்கத்தில் அன்பளிப்புக் கடிதம் எழுதிக்கொள்வது பெரிய பாதுகாப்பு. இருவரின் பெயர், முகவரி, பான், உறவு, தொகை, தேதி, பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, அந்தப் பணம் கொடுத்தவருக்கு எப்படி வந்தது, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற ஒரு வரி. கொடுத்தவர், பெற்றவர், இரு சாட்சிகள் கையெழுத்து.

அறிவிப்பு வந்த பிறகு முன்தேதி போட்டு எழுதக் கூடாது. முத்திரைத்தாளில் எழுதினால், அதை வாங்கிய நாள் அதில் அச்சாகியிருக்கும். கடிதத்தின் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் உண்மையான அன்பளிப்பும் பொய்யாகத் தெரியும். தாமதமாக எழுதினால், “இன்ன தேதியில் கொடுத்ததை இப்போது உறுதிசெய்கிறேன்” என்று உண்மைத் தேதியிலேயே எழுதலாம்.

கடிதத்தோடு கொடுத்தவரின் ஆறு மாத வங்கி அறிக்கையையும் வருமான வரிக் கணக்கின் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். பழைய கணக்குகளை மீண்டும் திறக்க, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து பொதுவாக மூன்றேகால் ஆண்டு வரை இடமுண்டு; விடுபட்ட தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்தேகால் ஆண்டு. அதுவரை இந்தத் தாள்கள் கைவசம் இருக்க வேண்டும். கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய அப்பாவாகவோ அம்மாவாகவோ இருந்தால், கையெழுத்தையும் சிட்டா அடங்கலையும் அந்த மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். கேள்வி வரும் நாளில் அவர் இல்லையென்றால், அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று சொல்ல வேறு யாராலும் முடியாது.